பத்தடி ஹாலில் பன்னிரண்டு பிள்ளைகள்

மண்டபமோ பூங்காவோ இல்லாமல், வீட்டு ஹாலிலேயே பிறந்தநாள் கொண்டாட நினைக்கும் பெற்றோரை இரண்டு கவலைகள் அரிக்கும். இடம் பத்தாதே என்பது ஒன்று. வரும் பிள்ளைகளின் வயது ஒன்றுக்கொன்று ஒட்டவில்லையே என்பது இன்னொன்று. ஏழு வயது நிறையும் பிள்ளைக்கு வகுப்புத் தோழர்கள் ஐந்தாறு பேர் வருவார்கள். அவர்களோடு மூன்று வயதுத் தம்பி வருவான், மாமா வீட்டுப் பன்னிரண்டு வயது அக்கா வருவாள், எதிர்வீட்டுப் பத்து வயதுப் பையன் வருவான். இவர்கள் எல்லாரையும் இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்து எதை விளையாடுவது?

இந்த இரண்டு கவலைகளும் தனித்தனியானவை போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாம் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுகளில் யாரோ ஒருவர் ‘அவுட்’ ஆகிக்கொண்டே இருக்கிறார். மியூசிகல் சேர் விளையாட்டையே பார்ப்போம். பன்னிரண்டு பேர் ஆடினால் வெற்றியாளரைக் கண்டுபிடிக்கப் பதினொரு சுற்று தேவை. முதல் சுற்றில் வெளியேறும் பிள்ளை மீதிப் பத்துச் சுற்றுகளையும் வேடிக்கை பார்க்க வேண்டும். அப்படி முதலில் வெளியேறுவது பெரும்பாலும் கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும். பொறுமை மிகக் குறைவாக உள்ளவருக்கு மிக நீண்ட காத்திருப்பு வாய்க்கிறது. பள்ளி மைதானத்தில் என்றால் அந்தப் பிள்ளை ஓரமாகப் போய் மண்ணில் விளையாடும். ஹாலில் போவதற்கு ஓரம் ஏது? சோபா மேல் ஏறும், பால்கனிக் கதவைத் திறக்கும், அம்மாவைத் தேடி அடுப்படிக்குள் நுழையும். ஏழாவது சுற்றுக்குள் ஆடுகிறவர்களைவிடச் சுற்றித் திரிகிறவர்கள் பெருகிவிடுவார்கள்.

ஆகவே சின்ன வீட்டுக்கு விளையாட்டுத் தேடும்போது முதலில் இதைப் பார்க்க வேண்டும்: கடைசிவரை எல்லாரும் உள்ளேயே இருக்கிறார்களா? அப்படி இருந்தால் இடப் பிரச்சினையும் தீரும், வயதுப் பிரச்சினையும் பாதி தீரும். மீதிப் பாதியை ஜோடி சேர்த்துத் தீர்க்கலாம். அதை எப்படிச் செய்வது என்று பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

முதலில் டேப் எடுத்து அளங்கள்

சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு ஃப்ளாட். ஹால் 10 அடி அகலம், 14 அடி நீளம். ஒரு கோடியில் மூன்றடி ஆழமுள்ள சோபா, எதிர்க்கோடியில் ஒன்றரை அடி டிவி ஸ்டாண்டு. நடுவில் கிடக்கும் டீபாயைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டால் மிஞ்சுவது 10 அடிக்கு ஒன்பதரை அடி. வரப்போகிறவர்கள் பன்னிரண்டு பேர். மூன்று வயதில் இருவர், ஐந்திலிருந்து ஏழுக்குள் நால்வர், எட்டிலிருந்து பத்துக்குள் நால்வர், பதினொன்று பன்னிரண்டு வயதில் இருவர்.

சம்மணமிட்டு உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பொருளைக் கைமாற்றிக் கொடுக்க ஒரு பிள்ளைக்கு இரண்டடி இடம் வேண்டும். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தால் வட்டத்தின் சுற்றளவு 24 அடி. அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு ஏழரை அடிக்குச் சற்று அதிகமாக வரும். முதுகுப்பக்கம் இருபுறமும் ஓரடி விட்டால் ஒன்பதரை அடி. நம் ஹாலில் அது சரியாக அடங்கிவிடும். அதே பன்னிரண்டு பேர் ஓடி விளையாட வேண்டுமென்றால் இந்த ஹாலைப்போல் மூன்று ஹால் இருந்தாலும் போதாது. எனவே விளையாட்டின் பெரும்பகுதி உட்கார்ந்தபடியே நடக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரருக்கும் அதுவே நல்லது. தலைக்கு மேல் பன்னிரண்டு பேர் குதித்தால் மாலை நேரத்தில் அவர்களுக்குத் தாங்காது.

உங்கள் ஹால் இதைவிடச் சிறியது என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எட்டடிதான் இருக்கிறது என்றால் முதுகுக்கு இரண்டடி கழித்து ஆறடிக் குறுக்களவு, கிட்டத்தட்ட 19 அடிச் சுற்றளவு. அதில் தாராளமாக ஒன்பது பேர் உட்காரலாம். அழைக்கும் எண்ணிக்கையை அந்த அளவில் நிறுத்திக்கொள்வது, பிறகு நெரிசலில் தவிப்பதைவிட எளிது.

இடத்தை அளந்தபின் கதவுகளைக் கவனியுங்கள். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிட வேண்டும். அடுப்பில் எண்ணெய் இருக்கும் வேலைகளைப் பிள்ளைகள் வரும் முன்பே முடித்துவிட வேண்டும். குளியலறையின் உள்தாழ்ப்பாளை ஒரு துண்டு டேப் ஒட்டி விழாமல் செய்துவிட்டால் மூன்று வயதுப் பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு அழும் ஆபத்து இல்லை. கண்ணாமூச்சியை ஃப்ளாட்டுக்குள் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். ஒளிய இடம் தேடும் பிள்ளைகள் பீரோவுக்குள்ளும் கதவுக்குப் பின்னாலும்தான் போவார்கள்.

பெரியவரோடு சின்னவர்

பன்னிரண்டு பேரையும் ஆறு ஜோடியாகப் பிரிப்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைகள் இருவருக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் துணை. ஐந்து முதல் ஏழு வயதுள்ள நால்வருக்கும் எட்டு முதல் பத்து வயதுள்ள நால்வர் துணை. வயது இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் பெரிய பிள்ளை தன்னைப் பொறுப்பாளராக உணரும். ஏழு வயதுப் பிள்ளையை மூன்று வயதுப் பிள்ளையோடு சேர்த்தால் இருவருமே சலுகை கேட்பார்கள்.

அண்ணன் தங்கையை ஒரே ஜோடியாகப் போடலாமா? மூன்று வயதில் புது வீட்டைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைக்கு மட்டும் சொந்த அக்காவோ அண்ணனோ பக்கத்தில் இருப்பது நல்லது. மற்றவர்களைப் பிரிப்பதே மேல். வீட்டில் நடக்கும் சண்டை இங்கேயும் தொடரும். அல்லது மூத்தவர் எல்லாவற்றையும் தானே செய்துவிட, இளையவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இதைத் தவிர்க்க எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒரே விதி வைத்துக்கொள்ளலாம்: பெரியவர் யோசனை சொல்லலாம், கையால் செய்வதும் வாயால் சொல்வதும் சின்னவர் வேலை. இந்த விதியைத் தொடக்கத்திலேயே பெரிய பிள்ளைகளைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட வேண்டும். “உன் ஜோடி ஜெயிக்கணும்னா நீ அவளுக்குச் சொல்லிக் கொடுக்கணும்டா, நீயே செஞ்சா கணக்குல சேராது” என்றால் பத்து வயதுப் பையனுக்குப் புரியும். குழந்தைகளோடு ஆட வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அவனுக்கு வராது. அவனுடைய திறமைக்கும் அங்கே வேலை இருக்கிறது.

வந்துகொண்டிருக்கும்போது

ஐந்து மணிக்கு அழைத்தால் ஐந்தே காலுக்கும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். பாதியில் வந்தாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஏதாவது ஒன்று அப்போது வேண்டும். மூடியுள்ள கண்ணாடி ஜாடி ஒன்றில் துணி காயப்போடும் கிளிப்புகளைப் போட்டு வைத்து, உள்ளே எத்தனை இருக்கும் என்று ஊகித்து ஒரு தாளில் எழுதச் சொல்லலாம். எழுதத் தெரியாத பிள்ளை சொன்னால் ஜோடி எழுதிக்கொள்ளும். யார் யாரோடு ஜோடி என்று தெரிவிப்பதும் இந்த நேரத்திலேயே முடிந்துவிடும். கோலிக்குண்டோ புளியங்கொட்டையோ வேண்டாம். ஜாடி எப்படியும் ஒருமுறை திறக்கப்படும், அவை மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்குப் போகக்கூடியவை.

பொட்டலம் சுற்றும் விளையாட்டு

எல்லாரும் வந்ததும் வட்டமாக உட்கார்த்தி ‘பாஸிங் த பார்சல்’ விளையாட்டில் தொடங்கலாம். பாட்டு ஓடும்போது பொட்டலம் கைமாறும், பாட்டு நின்றதும் யார் கையில் இருக்கிறதோ அவர் ஓர் உறை பிரிப்பார். எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டுதான். ஆனால் பொட்டலம் கட்டும் விதத்தைப் பொறுத்தே அது வயது கலந்த கூட்டத்துக்குப் பொருந்தும் அல்லது பொருந்தாமல் போகும்.

பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று உறை கட்டுங்கள். ஆளுக்கு ஒன்று, கடைசி ஒன்று எல்லாருக்கும் சேர்த்து. ஓர் உறை செய்தித்தாள், அடுத்தது புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். எல்லாமே செய்தித்தாளாக இருந்தால் ஒரே இழுப்பில் நாலு உறை கிழிந்து நாலு பேருடைய முறை போய்விடும். நிறம் மாறுவதைக் கண்டதும் பிள்ளையே நிறுத்திக்கொள்ளும். ஒவ்வோர் உறைக்கும் விரல் நகமளவு செல்லோடேப் ஒன்று போதும். நூலால் கட்டினால் மூன்று வயது விரல்களால் அவிழ்க்க முடியாது, வட்டம் முழுவதும் காத்துக்கொண்டிருக்கும்.

உறைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டிக்கரும் ஒரு சீட்டும் வையுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கட்டும்: பூனைபோல் கத்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஹைஃபை கொடு, பிறந்தநாள் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல். படிக்கத் தெரியாதவருக்கு ஜோடி காதில் படித்துச் சொல்லும். கடலை மிட்டாயோ கெட்டியான சாக்லேட்டோ வைக்க வேண்டாம். நாலு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேர்க்கடலையும் கடின மிட்டாயும் தொண்டையில் அடைக்கக் கூடியவை.

பாட்டை நிறுத்துபவர் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். எல்லாருக்கும் ஒருமுறையாவது கிடைக்கும்படி பார்த்து நிறுத்துவது அவருடைய பொறுப்பு. முதுகைக் காட்டிக்கொண்டு ‘நியாயமாக’ நிறுத்தினால் சிலருக்கு இரண்டுமுறை கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. ஆட்டம் ஓடத் தொடங்கியபின் ஒரு சிக்கல் வரும். பாட்டு நிற்கட்டும் என்று பொட்டலத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சிலர் மெதுவாக நகர்த்துவார்கள். அதைக் கண்டதும் திட்ட வேண்டியதில்லை. அந்தக் கைகளில் இருக்கும்போது பாட்டை நிறுத்தாமல், அடுத்த கைக்குப் போனதும் நிறுத்தினால் இரண்டே முறையில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

ஓர் உறைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். மொத்தம் பதின்மூன்று நிமிடம். கடைசி உறைக்குள் ஒருவருக்கு மட்டும் பெரிய பரிசு வைத்தால் அவ்வளவு நேரம் சிரித்த பதினொரு முகங்களும் ஒரே நொடியில் வாடும். அதனால் அங்கே பன்னிரண்டு பென்சில்களோ எல்லாருக்கும் தலைக்கு ஒரு காகிதத் தொப்பியோ இருக்கட்டும். பிரிப்பவருக்கு அதை எல்லாருக்கும் கொடுக்கும் பெருமை கிடைக்கும்.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம், மணல் இல்லாமல்

நம் ஊர் விளையாட்டுகளில் சின்ன இடத்துக்கும் வயது வித்தியாசத்துக்கும் மிகவும் பொருந்துவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மணலைக் கரைபோல நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு சிறு குச்சியை விட்டு, கையை முன்னும் பின்னும் நகர்த்தி எங்கோ ஓரிடத்தில் ஒளித்து வைப்பார்கள். எதிரே இருப்பவர் இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருப்பதாக நினைக்கும் இடத்தில் வைத்து மூட வேண்டும். கைக்குள் குச்சி அகப்பட்டால் ஒளிக்கும் வாய்ப்பு அவருக்கு. ஓட்டம் கிடையாது, உடல் வலிமைக்கு வேலை கிடையாது, படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் ஊகமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஊகமும் இங்கே ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃப்ளாட்டில் மணலுக்குப் பதில் பழைய நாலு முழ வேட்டி போதும். ஆறடி நீளம் இருக்கும். அதைத் தட்டையாக விரித்தால் உள்ளே இருக்கும் பொருள் மேடு தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தளர்வாகச் சுருக்கி, ஐந்தடி நீளத்துக்கு மடிப்பும் குமிழுமாகத் தரையில் நீட்டி வைக்க வேண்டும். கை நுழைய இடம் இருக்கும்படி சுருக்குவதுதான் நுட்பம். ஒளிக்கும் பொருள் காலித் தீப்பெட்டி. பிள்ளைகள் வேட்டிக்கு இருபுறமும் ஆறு ஆறு பேராக எதிரெதிரே உட்காரட்டும். இங்கே கைமாற்றும் வேலை இல்லாததால் ஆளுக்கு ஒன்றரை அடி போதும். ஒரு வரிசைக்கு ஒன்பதடி. நம் ஹாலில் அது அடங்கும்.

ஒரு ஜோடியில் சின்னவர் வேட்டிக்கடியில் கையை விட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மூன்று முறை போய்வந்து, இடையில் எங்கோ தீப்பெட்டியை விட்டுவிட வேண்டும். கை எட்டாவிட்டால் பெரியவர் அவரைத் தூக்கி நகர்த்தலாம். எதிர்வரிசை ஜோடி கலந்து பேசி, நான்கு உள்ளங்கைகளையும் தாங்கள் நினைக்கும் இடத்தில் வைக்கும்.

ஏன் நான்கு கை? இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஐந்தடி என்பது 60 அங்குலம். ஒரு பிள்ளை இரு கைகளைக் கோத்து வைத்தால் மறைவது ஏழெட்டு அங்குலம். குருட்டு ஊகத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி ஆடினால் சுற்றுக்குமேல் சுற்று வெறுமையாகப் போகும், சின்னப் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். நான்கு உள்ளங்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதினான்கு பதினைந்து அங்குலம் மறையும். வாய்ப்பு நாலில் ஒன்றாக உயரும். ஒளிப்பவரின் தோளும் கண்ணும் எங்கே தயங்கின என்று உற்றுப் பார்ப்பவருக்கு இன்னும் கூடும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஹாலில் கூச்சல் எழும் அளவு இது. வாய்ப்பு அடிக்கடி கிடைத்துச் சலிப்புத் தட்டினால் வேட்டியை இன்னும் நீளமாக இழுத்துவிடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் சுருக்குங்கள். ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வேட்டியின் நீளமே போதும்.

தீப்பெட்டி கிடைத்ததும் ‘யார் ஜெயித்தார்கள்’ என்று எண்ண வேண்டாம். ஆறு ஜோடிகளும் ஒவ்வொரு முறை ஒளித்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம். பிள்ளைகள் இன்னும் கேட்டால் இன்னொரு வட்டம் ஆடலாம். இந்த ஒரே விளையாட்டில்தான் அப்படிக் கேட்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம்.

ஜமக்காளம் சுருங்கும் விளையாட்டு

அரைமணி நேரம் உட்கார்ந்த கால்கள் துடிக்கத் தொடங்கும். ஒருவரையொருவர் காலால் உதைப்பது, மல்லாந்து படுப்பது, சோபாவை நோக்கி நகர்வது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் நடந்துகொண்டிருப்பதை நிறுத்தி எல்லாரையும் எழுந்து நிற்கச் செய்ய வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் டெரி ஆர்லிக் 1978-இல் கூட்டு விளையாட்டுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மியூசிகல் சேரை அவர் தலைகீழாகத் திருப்பினார். சுற்றுக்கு ஒரு நாற்காலி குறையும், ஆனால் ஆள் குறையமாட்டார். எஞ்சியுள்ள நாற்காலிகளில் எல்லாரும் எப்படியாவது சேர்ந்து உட்கார வேண்டும். நாற்காலி வைக்க இடமில்லாத வீட்டில் அதையே ஜமக்காளத்தில் ஆடலாம்.

ஆறடிக்கு நாலடி ஜமக்காளம் ஒன்றை ஹாலின் நடுவில் விரியுங்கள். பாட்டு ஓடும்போது எல்லாரும் அதைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். ஓடினால் பாட்டு நின்றுவிடும், பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நின்றதும் பன்னிரண்டு பேரும் ஜமக்காளத்தின் மேல் நிற்க வேண்டும். முதல் முறை ஆளுக்கு இரண்டு சதுர அடி இருக்கும், யாருக்கும் சிரமமில்லை. அடுத்த முறை பாதியாக மடித்தால் ஆளுக்கு ஒரு சதுர அடி. இப்போது ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது முறை மடித்தால் அரை சதுர அடி. இங்கே ‘ஒரு கால் மட்டும் மேலே இருந்தால் போதும்’ என்று சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் சின்னவர்களை இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள். ஐந்து எண்ணும்வரை நின்றுவிட்டால் மொத்தக் கூட்டத்துக்கும் வெற்றி. நான்காவது மடிப்பு வேண்டாம். அப்போது நிற்பதைவிடத் தள்ளுவதே அதிகமாகும், அடியில் மாட்டுவது மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கும்.

இதைச் செய்தித்தாளில் ஆடுவது பல வீடுகளில் வழக்கம். வழவழப்பான டைல்ஸ் தரையில் தாள் வழுக்கும், பாயும் நகரும். கனமான பருத்தி ஜமக்காளம் மடிக்க மடிக்க இன்னும் நிலையாகக் கிடக்கும். ஆட்டம் தொடங்குமுன் தரையில் ஜூஸோ தண்ணீரோ சிந்தியிருக்கிறதா என்று ஒருமுறை துடைத்துவிட வேண்டும். கேக்கையும் குளிர்பானத்தையும் விளையாட்டெல்லாம் முடிந்தபிறகு வைத்துக்கொள்வது இதற்காகத்தான். இடையில் பசித்தால் பிஸ்கட்டும் மூடிபோட்ட தண்ணீர் பாட்டிலும் போதும்.

தட்டில் எது காணோம்?

குதித்து அடங்கிய கூட்டத்தைக் கேக்குக்கு முன்னால் அமைதிப்படுத்த ஒரு தட்டு விளையாட்டு. ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் (1901) சிறுவன் ஒருவனுக்குத் தட்டில் ரத்தினக் கற்களைக் காட்டி மறைத்து நினைவாற்றலைப் பழக்குவார்கள். பேடன் பவல் 1908-இல் சாரணர்களுக்காக எழுதிய நூலில் அதை விளையாட்டாகச் சேர்த்தார். ரத்தினத்துக்குப் பதில் நம் அடுப்படிப் பொருள்கள் போதும்.

தாம்பாளத்தில் முதலில் ஆறு பொருள் வையுங்கள்: எலுமிச்சம்பழம், கரண்டி, சாவிக்கொத்து, சீப்பு, வெங்காயம், காபி டம்ளர். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி எல்லாரும் பெயர் சொல்லட்டும். பெயர் தெரியாத பொருளை மூன்று வயதுப் பிள்ளையால் நினைவில் வைக்க முடியாது. அரை நிமிடம் பார்த்தபின் துண்டால் மூடி, அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்துவிட்டுத் துண்டை நீக்கவும். எது காணோம்? பார்த்ததையெல்லாம் எழுது என்று கேட்பதைவிட இது சின்னவர்களுக்கு எளிது. எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமான விளையாட்டாகவும் ஆகிவிடாது.

பெரியவர் கண்டுபிடித்தால் சத்தமாகச் சொல்லக்கூடாது, ஜோடியின் காதில் குறிப்புத்தான் கொடுக்கலாம். “தலை வாரும்போது எடுப்போமே” என்ற அளவில். விடையைச் சொல்ல வேண்டியது சின்னவர். நாலைந்து சுற்றுக்குப் பிறகு பொருள்களைப் பன்னிரண்டாக்கி, ஒன்றை எடுக்கும்போதே மற்றவற்றின் இடத்தையும் மாற்றிவிட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் நெற்றி சுருங்கும். எல்லாரும் கிசுகிசுத்துக்கொண்டிருப்பதால் ஹாலின் சத்தம் தானாகவே தணியும். அந்த நேரத்தில் மெழுகுவத்தியைத் தயார்செய்துகொள்ளலாம்.

எங்கே தடுமாறும்

இவ்வளவு திட்டமிட்டாலும் மூன்று வயதுப் பிள்ளை ஒருவர் எப்போதாவது அழுது வெளியேறுவார். அது தோல்வியில்லை, அவருடைய கவனம் அவ்வளவு நேரம்தான் நிற்கும். படுக்கையறையில் ஒரு பெரியவரும், நாலைந்து எவர்சில்வர் கிண்ணங்களும் கரண்டிகளும் காத்திருக்கட்டும். அடுத்த விளையாட்டு தொடங்கும்போது அவர் மறுபடி வந்து சேரலாம். இங்கே சொன்ன எந்த விளையாட்டிலும் நடுவில் போவதும் வருவதும் ஆட்டத்தைக் கெடுக்காது. அதுவரை அவருடைய ஜோடிக்குப் பாட்டை நிறுத்தும் வேலையைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெரிய பிள்ளை வேலையற்று நிற்கும்.

பலூன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயை அடைக்கும். அமெரிக்காவில் விற்கும் பலூன் பாக்கெட்டுகளில் எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆபத்து என்றே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. அலங்காரத்துக்குக் கையெட்டாத உயரத்தில் கட்டலாம். மின்விசிறி சுழலும் தாழ்வான ஹாலில் தட்டி விளையாடுவதற்கு மட்டும் கொடுக்க வேண்டாம். பந்து வேண்டுமென்றால் பழைய சாக்ஸில் துணியடைத்து முடிந்துகொள்ளலாம்.

நேரத்தையும் விட்டுப்பிடிக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஜாடி, ஐந்தே காலுக்குப் பொட்டலம், ஐந்தரைக்குக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம், ஆறு மணிக்குள் ஜமக்காளம், ஆறே காலுக்குத் தட்டு, ஆறரைக்குக் கேக், ஏழுக்கு விடை. எல்லாவற்றையும் ஆடியாக வேண்டும் என்றில்லை. ஒரு விளையாட்டு நன்றாக ஓடினால் அதை நீட்டித்து அடுத்ததை விட்டுவிடலாம். ஆனால் சலிப்புத் தெரியும்வரை எதையும் இழுக்கக்கூடாது. கூச்சல் உச்சத்தில் இருக்கும்போதே “இதுதான் கடைசிச் சுற்று” என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் அடுத்ததற்கு ஆவலோடு திரும்புவார்கள்.

இங்கே சொல்லாத வேறு விளையாட்டுகள் உங்கள் நினைவுக்கு வரலாம். பிள்ளைகளே சிலவற்றைக் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளுமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். முதல் சுற்றிலேயே தோற்கிற பிள்ளை இரண்டாவது சுற்றில் எங்கே இருக்கும்? மூன்று வயதுப் பிள்ளையின் கையில் என்ன வேலை இருக்கும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யோசிக்க என்ன இருக்கும்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அந்த விளையாட்டு உங்கள் ஹாலுக்குப் பொருந்தும். கிடைக்காதபோது விதியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: அவுட்டானவர் வெளியே போகாமல் எதிரணியில் சேரட்டும், விடையைச் சின்னவர் சொல்லட்டும், கடைசிப் பரிசு எல்லாருக்கும் பொதுவாகட்டும். பெரும்பாலான விளையாட்டுகள் இந்த மூன்று மாற்றங்களில் ஏதாவது ஒன்றிலேயே பத்தடி ஹாலுக்குள் அடங்கிவிடும்.